பூச்சு அளவில் 18 சதுர மீட்டர் வித்தியாசம்

"இரண்டாவது ரன்னிங் பில்லில் பூச்சு 412 சதுர மீட்டர் என்கிறார் காண்ட்ராக்டர். என் அளவுப் புத்தகமான எம்-புக்கில் 394 தான் வருகிறது. 1.2 × 1.5 ஜன்னல் பத்து இருக்கிறது. யார் கணக்கு சரி?"

உங்கள் 394 தான் சரியாக இருக்கும். அவர் ஜன்னல்களைக் கழிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். ஒரு ஜன்னல் 1.8 சதுர மீட்டர், பத்துக்கு 18. வித்தியாசம் அப்படியே வந்துவிடுகிறது.

அளவெடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200-ன்படி 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 வரை, சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். மறுமுகத்தை விட்டுவிடுவது ஜன்னலின் உள்பக்கவாட்டுப் பூச்சுக்காக. அதனால் அந்தப் பக்கவாட்டைத் தனி வரியாகச் சேர்த்திருக்கிறாரா என்றும் பாருங்கள். சேர்த்திருந்தால் அது இரட்டைக் கணக்கு.

எம்-புக்கில் முதலில் மொத்தச் சுவரை எழுதி, கீழே "கழிக்க: ஜன்னல் 10 × 1.2 × 1.5" என்று தனி வரி போடுங்கள். மனதிலேயே கழித்துவிட்டு நிகர அளவை மட்டும் எழுதினால், பிறகு சரிபார்க்க வழியே இருக்காது. தவறு வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள், மேலே திருத்தி எழுதாதீர்கள்.

அப்புறம், ரன்னிங் பில் என்பது இதுவரை முடிந்த மொத்தம். 394-லிருந்து முதல் பில்லில் கொடுத்த அளவைக் கழித்த மீதிக்குத்தான் இப்போது பணம்.

ஒன்று மட்டும்: சுவரின் இருபக்கமும் ஒரே பூச்சு முடிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. ஒப்பந்தத்தில் வேறு அளவு முறை எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.