25 எம்பி வரம்பில் 19 எம்பி கோப்பு திரும்பி வருவது ஏன்?

"19 எம்பி ஸ்கேன் பிடிஎஃப் அனுப்பினால் `552 5.3.4 Message size exceeds fixed limit` என்று திரும்புகிறது. பெறுபவர்களின் சர்வர் வரம்பு 25 எம்பி. ஜிப் செய்தும் பயனில்லை. முன்பு அனுப்பிய `scan0012.pdf`-ஐயும் தேடிப் பிடிக்க முடியவில்லையாம்."

சர்வர் அளப்பது கோப்பை அல்ல, முழு மின்னஞ்சலை. இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது. 3 பைட் 4 ஆகிறது, வரிமுறிவுகளும் சேர்கின்றன. ஆக மொத்தம் சுமார் 37 சதவீதம் கூடும். உங்கள் 19 எம்பி அங்கே 26 எம்பியாகப் போய்ச் சேர்கிறது. 25 எம்பி வரம்புக்கு எல்லா இணைப்புகளும் சேர்ந்து 18 எம்பிக்குள் இருக்க வேண்டும்; 17 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

ஸ்கேன் பக்கங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்கள்தான், அதனால் ஜிப் உதவாது. 300 டிபிஐ வண்ணத்தில் எடுத்திருந்தால் 200 டிபிஐ சாம்பல் நிறத்தில் மறுபடி எடுங்கள். புள்ளிகளின் எண்ணிக்கையே பாதிக்குக் கீழே இறங்கிவிடும், அச்செழுத்து தெளிவாகவே இருக்கும். பொடி எழுத்தோ முத்திரையோ உள்ள பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில், பெறுபவர் எதைத் தட்டித் தேடுவார் என்று யோசியுங்கள். வாடகை ஒப்பந்தம் என்றால் இப்படி:

```
2024-03-15_vadagai-oppandham_kaiyoppam.pdf
```

ஆண்டு முதலில் வந்தால் கோப்புகள் தேதி வரிசையில் தாமாக நிற்கும். தமிழ்ப் பெயர் வைக்க ஆசை இருக்கும், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் பழைய மின்னஞ்சல் செயலிகள் சில அதைச் சிதைத்துவிடுகின்றன. சில சமயம் `.pdf` என்ற வாலும் போய், கோப்பு திறக்காது. தமிழ்ப் பெயரை மின்னஞ்சலின் தலைப்பு வரியில் எழுதுங்கள், தேடலில் அதுவும் அகப்படும்.