வினாடி வினாவில் டிக்கெட் பணத்தையே பரிசாகக் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் என் தோழியும் மாதம் ஒரு முறை ஆன்லைனில் வினாடி வினா நடத்துகிறோம். டிக்கெட் வாங்கினால் யாரும் கலந்துகொள்ளலாம். பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். வசூலில் பாதியை முதல் மூன்று இடங்களுக்கு 50, 30, 20 சதவீதமாகப் பரிசு கொடுக்கிறோம். போன முறை இருவர் சம மதிப்பெண்ணில் முதலிடத்துக்கு வந்ததால் சீட்டுக் குலுக்கி ஒருவரை முதல் என்று அறிவித்தோம். மற்றவர், "இது சூதாட்டம், புகார் கொடுப்பேன்" என்கிறார். இப்போது ஒரு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய முன்வந்திருக்கிறது. இன்னொரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு நடத்தித் தரச் சொல்கிறது. தொடரலாமா?

பதில்: இப்போதுள்ள வடிவில் அடுத்த போட்டியை நடத்தாதீர்கள். டிக்கெட் விற்பனை திறந்திருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். போட்டியையே கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை, பணம் போகும் பாதையை மாற்றினால் போதும்.

ஒரு போட்டி சூதாட்டமா என்று பார்க்கும்போது பெரும்பாலான நாடுகளின் சட்டம் மூன்று விஷயங்களைத் தேடும்: கலந்துகொள்பவர் பணம் கட்டுகிறாரா, பரிசு உண்டா, முடிவை அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறதா. மூன்றும் சேர்ந்தால் சிக்கல். வினாடி வினா நடத்துபவர்கள் வழக்கமாக மூன்றாவதைப் பிடித்துக்கொண்டுதான் தப்பிக்கிறார்கள். "இது அறிவுப் போட்டி, இதில் அதிர்ஷ்டம் எங்கே?" என்பார்கள். நியாயமான வாதம்தான். 1957இல் பரிசுப் போட்டிகள் பற்றிய வழக்குகளில் இந்திய உச்ச நீதிமன்றமும் திறமைப் போட்டி வேறு, சூது வேறு என்று பிரித்துக் காட்டியது.

அந்த வாதத்தை நீங்களே உடைத்துவிட்டீர்கள். கேள்விகள் எல்லாம் அறிவைச் சோதித்திருக்கலாம். ஆனால் 50 சதவீதம் யாருக்கு, 30 யாருக்கு என்பதைத் தீர்மானித்தது சீட்டு. புகார் சொல்பவர் பிடித்திருப்பது அந்தக் கடைசி அரை நிமிடத்தைத்தான். இதே கோளாறு வேறு வடிவிலும் வரும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, சரியாகச் சொன்னவர்களிலிருந்து குலுக்கலில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது அதில் ஒன்று. கணிசமான பேரை வடிகட்டாத கேள்வியைத் திறமைச் சோதனையாகவே பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் ஏற்காது. அதை முழுக்க அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொள்ளும்.

சரி, குலுக்கலை எடுத்துவிட்டால் போதுமா? சில நாடுகளில் போதும். இந்தியாவில் போதாது. 2025 ஆகஸ்ட்டில் அங்கே நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரங்கட்டிவிட்டது. பணம் கட்டி, அதற்குப் பதிலாக ஆதாயம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆடினால் அது 'பண விளையாட்டு'. அதை நடத்துவதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ரொக்கம் வேண்டாம், பரிசுக் கூப்பன் கொடுக்கிறோம் என்பதும் உதவாது, ஏனென்றால் பிற வகை ஆதாயமும் அந்த வரையறைக்குள் வருகிறது. பந்தயமாக இல்லாத நுழைவுக் கட்டணத்தை அதே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் வசூலில் பாதியைப் பரிசாகப் பிரிக்கும் உங்கள் கட்டணத்தைப் பந்தயம் இல்லை என்று வாதாட எனக்குத் துணிவில்லை.

நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்து நடத்துகிறீர்கள் என்பது மட்டும் கணக்கில்லை. ஆடுபவர் இருக்கும் நாட்டின் சட்டமும் உங்களைத் தொடலாம். அதனால் பதிவுப் படிவத்தில் அவர் எந்த நாட்டிலிருந்து ஆடுகிறார் என்று கேளுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாற்றிக்கொண்டிருப்பதைவிட, கடுமையான சட்டத்துக்கும் ஒத்துவரும் வடிவத்தை எடுப்பதே உங்களைப் போன்ற சிறிய அமைப்பாளருக்கு நிம்மதி.

அந்த வடிவம் இதுதான்: டிக்கெட் இருந்தால் பரிசு வேண்டாம், பரிசு இருந்தால் டிக்கெட் வேண்டாம். ஸ்பான்சர் வந்திருப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. நுழைவை இலவசமாக்கி, உங்கள் உழைப்புக்கான தொகையையும் பரிசையும் ஸ்பான்சரிடமிருந்து வாங்குங்கள். "இலவசம், ஆனால் நன்கொடை கட்டாயம்" என்பது போன்ற சாமர்த்தியம் மட்டும் வேண்டாம். அது டிக்கெட்தான் என்பது யாருக்கும் புரியும்.

ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: அறிவிப்பு வெளியாகும் முன் பரிசுத் தொகை உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும். போட்டி முடிந்ததும் ஸ்பான்சர் கைவிரித்தால், வெற்றி பெற்றவர் வந்து நிற்பது உங்களிடம்தான். வாக்குக் கொடுத்தது நீங்கள். ஸ்பான்சரை அவருக்குத் தெரியவே தெரியாது. பங்கேற்பாளர்களின் மின்னஞ்சல் பட்டியலையும் கேட்பார்கள். படிவத்தில் தனியாக ஒரு கட்டம் வைத்து, அதில் டிக் செய்தவர்களின் முகவரியை மட்டும் கொடுங்கள்.

நிறுவன ஊழியர்களுக்கான போட்டி இதைவிடச் சுலபம். நிறுவனம் உங்களுக்கு ஒரே தொகையாகச் சேவைக் கட்டணம் தரும், பரிசையும் அதுவே வாங்கிக் கொடுக்கும், ஊழியர் எதுவும் கட்டமாட்டார். ஊழியர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் வசூலித்துப் பரிசு வாங்கலாம் என்று மனிதவளப் பிரிவு யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய சிக்கல் அப்படியே திரும்பி வரும். பரிசுக்கு வரிப் பிடித்தம் இருந்தால் அதை யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வையுங்கள்.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்று விதியில் முன்கூட்டியே இருக்க வேண்டும். வேகமாகப் பதில் சொன்னவருக்கு முதலிடம் என்று பலர் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதில் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டால், இணைப்பு மந்தமானவர் பட்டனை முதலில் அழுத்தியும் தோற்பார். அதிர்ஷ்டம் புறவாசல் வழியாக நுழைந்துவிடும். அதைவிட, கடினமான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒருவர் தவறும் வரை தொடரலாம். அதற்கான கேள்விகளைத் தொகுப்பாளர் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தச் சுற்றும் முடிவு தராவிட்டால் பரிசைச் சமமாகப் பிரித்துவிடுங்கள்.

இனி உங்கள் புகார்தாரர். குலுக்கல் நடக்கும் என்று விதியில் இருந்ததா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அப்படியானால் சூதாட்ட வாதத்தை விட்டாலும், சொல்லாத விதியைப் புகுத்தினீர்கள் என்று ஒப்பந்த அடிப்படையில் அவர் கேட்க முடியும். முதல் இரண்டு பரிசையும் சேர்த்தால் 80 சதவீதம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 40. அவர் கையில் 30 இருக்கிறது, ஆக அவருக்கு வர வேண்டியது பரிசுத் தொகையில் இன்னும் 10 சதவீதம். முதல் பரிசு வாங்கியவரிடம் திருப்பிக் கேட்காதீர்கள், அடுத்த சண்டை அங்கே தொடங்கும். உங்கள் பங்கிலிருந்தே கொடுங்கள். அவரிடம் எழுதும் கடிதத்தில் "சூதாட்டம்" என்ற சொல்லை ஏற்கவும் வேண்டாம், மறுத்து வாதாடவும் வேண்டாம். பரிசைச் சமமாகப் பிரிக்கிறோம், மீதித் தொகையை அனுப்புகிறோம், பரிசு தொடர்பான கோரிக்கை இத்துடன் முழுமையாகத் தீர்ந்தது என்று எழுதி, அவர் ஒப்புதலை வாங்கிய பிறகு பணத்தை அனுப்புங்கள். புகார் கொடுக்கக் கூடாது என்று அதில் நிபந்தனை போடாதீர்கள். பணம் கொடுத்து வாயை அடைத்ததாக அந்த வரி உங்களுக்கு எதிராகவே பேசும்.