மெனு கார்டும் பெயர் வைக்கும் வேலையும்: கேள்வி பதில்

"'காட்டின் ரகசியம்', 'நிலாச் சாரல்' என்று அழகாகப் பெயர் வைத்தோம். படித்துச் சிரிக்கிறார்கள், ஆனால் யாரும் கேட்டு வாங்குவதில்லை."

காட்டின் ரகசியம் என்றால் காளானா, கீரையா? தெரிந்துகொள்ள சர்வரைக் கூப்பிட வேண்டும். குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவர் எல்லார் முன்னாலும் "இது என்னங்க?" என்று கேட்கக் கூச்சப்பட்டு, தெரிந்த சூப்பையே சொல்லிவிடுவார்.

நானாக இருந்தால் 'பூண்டுக் காளான் வறுவல்' என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் ஒரே வரி: "இரும்புச் சட்டியில், தண்ணீர் வற்றும்வரை வறுத்தது. காரம் குறைவு." என்ன, எப்படிச் சமைத்தது, காரம் எவ்வளவு. அந்த வரியைக் குழந்தைக்கு அப்படியே படித்துக் காட்டலாம். கவிதைப் பெயர் விட மனசில்லையா? கடையின் அடையாளமான ஒரே ஒரு பதார்த்தத்துக்கு வையுங்கள், கீழே இதே வரியோடு.

சர்வர்கள் ஒரு வாரம், எந்தப் பெயருக்கு "இது என்ன?" என்று கேட்கிறார்களோ அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போடட்டும். அதிகக் கோடு விழுந்த பெயரை முதலில் மாற்றுங்கள்.

"வலது பக்கம் மேலேதான் கண் முதலில் போகுமாம். விலை கூடியதை அங்கே வைக்க வேண்டும், சரிதானே?"

ரொம்ப நாளாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் ஆய்வாளர் சிபில் யாங் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, பெரும்பாலோர் புத்தகம் போல இடப்பக்கம் முடித்துத்தான் வலப்பக்கம் போனார்கள். இடம் முக்கியம் என்பது மட்டும் உண்மை: ஒரு பிரிவில் முதலிலும் கடைசியிலும் இருப்பவை நடுவில் இருப்பவற்றைவிட அதிகம் எடுபடும். அங்கே விலை கூடியதை அல்ல, உங்கள் சமையலறை நன்றாகச் செய்வதை வையுங்கள்.

விலைகளை வலது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில், புள்ளி புள்ளியாக இழுத்து அடுக்க வேண்டாம். கண் பெயரை விட்டுவிட்டு விலையை மட்டும் மேலிருந்து கீழே ஒப்பிடும். விளக்க வரி முடிந்த இடத்திலேயே அதே அளவு எழுத்தில் விலையைப் போடுங்கள். ஆனால் ஒளித்துவைக்க வேண்டாம், பில் கட்டப்போகிறவர் விலையைத் தேட வேண்டி வந்தால் எரிச்சல்தான்.

"எங்கள் மெனுவில் பதினோரு இடத்தில் 'ஸ்பெஷல்' இருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் ருசி கூடுமா?"

ருசி சமையற்காரரிடம் இருக்கிறது, அதைப் பற்றி நான் பேச வரவில்லை! பதினொன்றில் பத்தை அடித்துவிடுங்கள். 'வீட்டுப் பக்குவம்' என்று போட்டு, பாக்கெட்டைப் பிரித்துச் சூடாக்கித் தருவதாக இருந்தால் அதையும்.

"குழந்தைகள் பக்கத்தில் 'டைனோசர் முட்டை' மாதிரி வேடிக்கைப் பெயர் வைக்கலாமா?"

என்னோடு வேலை செய்பவர் தாராளமாக வைக்கலாம் என்கிறார், குழந்தைகள் அதைச் சொல்லியே கேட்பார்களாம். எனக்கு அரைமனசுதான். பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு, தட்டில் சாதாரண உருளைக்கிழங்கு உருண்டையைக் கண்டு அழுத பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன்.