சோர்ஸ் கோட் எஸ்க்ரோ: "திவாலானால் தருகிறோம்" என்ற ஒரு வரியை நம்பலாமா?

கேள்வி: எங்கள் ஆர்டர், பில்லிங், ஸ்டாக் எல்லாமே நான்கு பேர் நடத்தும் ஒரு சின்ன நிறுவனம் எழுதிக்கொடுத்த சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. எங்கள் சர்வரில் இருந்தாலும் சோர்ஸ் கோட் அவர்களிடம்தான். "கோடை எஸ்க்ரோவில் வைக்கிறோம், நாங்கள் திவாலானால் உங்களுக்குக் கிடைக்கும்" என்று ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்படியே போடாதீர்கள். எஸ்க்ரோ என்றால், கோடை நடுவிலிருக்கும் ஒரு ஏஜென்டிடம் ஒப்படைத்து வைப்பது, சொன்ன நிபந்தனை நடந்தால் அவர் அதை உங்களுக்கு விடுவிப்பார். அந்த "திவாலானால்" என்ற சொல்லில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது.

நான்கு பேர் கொண்ட நிறுவனம் கோர்ட்டுக்குப் போய் முறைப்படி திவாலாவது அபூர்வம். ஒருவர் வேறு வேலைக்குப் போவார், இன்னொருவருக்கு உடம்பு முடியாமல் போகும், போனை எடுக்க ஆள் இருக்காது, ஆனால் பதிவேட்டில் நிறுவனம் உயிரோடுதான் இருக்கும். அப்போது எஸ்க்ரோ ஏஜென்டிடம் போய்க் கேட்டால், திவால் உத்தரவு எங்கே என்பார், உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. உண்மையிலேயே திவாலானாலும் சிக்கல்தான், ஏனென்றால் திவால் என்ற ஒரே காரணத்தால் நடைமுறைக்கு வரும் ஷரத்துகளைப் பல நாட்டுச் சட்டங்கள் செல்லாது என்கின்றன.

அதனால் கோடை விடுவிக்கும் நிபந்தனை, அவர்கள் செய்யாமல் விட்ட வேலையைச் சார்ந்து இருக்கட்டும். உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: பில்லிங்கை நிறுத்தும் அளவு பிழை ஒன்றை எழுத்தில் தெரிவித்து 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், அல்லது பராமரிப்பைக் கைவிட்டால், அல்லது நிறுவனத்தை வாங்கியவர் உங்கள் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தால் கோடை விடுவிக்க வேண்டும். நீங்கள் கேட்டதும் ஏஜென்ட் வென்டருக்கு, அதாவது சாஃப்ட்வேர் எழுதிய நிறுவனத்துக்கு, தெரிவித்து, மறுப்பு சொல்ல அவகாசம் தருவார். பத்து வேலை நாள் போதும். அதற்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்றே கொள்ள வேண்டும் என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், ஆளே இல்லாத நிறுவனத்தின் பதிலுக்காக ஏஜென்ட் காத்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது உரிமை. கோட் கைக்கு வந்தாலும் காப்பிரைட் அவர்களுடையதுதான், மாற்றி எழுத உங்களுக்கு லைசென்ஸ் வேண்டும். அதை "விடுவித்த பிறகு வழங்கப்படும்" என்று எழுதாமல், இன்றே வழங்கப்படுகிறது, ஆனால் விடுவித்த பிறகுதான் பயன்படுத்தலாம் என்று எழுதுங்கள். அமெரிக்காவில் 1985-ல் லூப்ரிசால் வழக்கில், திவாலான நிறுவனம் தான் கொடுத்த தொழில்நுட்ப லைசென்ஸையே உதறிவிடலாம் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, அதனால் லைசென்ஸ் வாங்கியவர்கள் நடுத்தெருவில் நிற்கும் நிலை வந்தது. அதைச் சரிசெய்ய 1988-ல் அங்கே திவால் சட்டத்தில் 365(n) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா நாட்டிலும் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. உரிமை ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு அதிகம்.

மூன்றாவது, டெபாசிட்டை, அதாவது ஏஜென்டிடம் வைத்த கோடை, சோதித்துப் பார்ப்பது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரருக்கு ஒப்பந்தம் கச்சிதமாக இருந்தது, நிபந்தனை பூர்த்தியானது, ஏஜென்டும் மறு பேச்சில்லாமல் கொடுத்தார். திறந்து பார்த்தால், கட்சிக்காரர் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது ஐந்தாவது பதிப்பு, உள்ளே இருந்ததோ மூன்றாவது. அதையாவது பில்ட் செய்து ஓடும் புரோகிராமாக்கலாம் என்றால், எந்த லைப்ரரியின் எந்த வெர்ஷன் என்ற குறிப்பும் இல்லை, லைசென்ஸ் கீ உருவாக்கும் புரோகிராமும் இல்லை. கடைசியில் கிட்டத்தட்ட புதிதாகவே எழுத வேண்டியதாயிற்று. டெபாசிட்டை ஒருமுறைகூட யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் காரணம்.

ஃபைல்களின் பட்டியலை மட்டும் சரிபார்ப்பது சோதனை ஆகாது. எதுவும் நிறுவாத ஒரு கணினியில், டெபாசிட்டில் இருப்பதை மட்டும் வைத்து, அதை எழுதாத ஒருவர் பில்ட் செய்து, உங்கள் டேட்டாவின் நகலோடு ஓட்டி, ஒரு பில் போட்டுப் பார்க்க வேண்டும். வென்டரின் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து "இதை மட்டும் நான் தருகிறேன்" என்று எதையாவது கொடுத்தால், அதுதான் டெபாசிட்டில் விடுபட்டது. ஒவ்வொரு பெரிய பதிப்பு வந்த 30 நாளுக்குள் புது டெபாசிட், வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏஜென்டின் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள். சின்ன நிறுவனம் பணத்துக்குத் திண்டாடும்போது முதலில் நிறுத்துவது இந்த மாதிரிச் செலவைத்தான், கட்டணம் நின்றால் ஏஜென்ட் ஒப்பந்தத்தையே முடித்துவிடலாம், அதுவும் உங்களுக்குக் கோட் தேவைப்படும் அதே மாதத்தில். நீங்களும் வென்டரும் ஏஜென்டும் மூவருமாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக இருந்தால்தான் ஏஜென்டிடம் நேரடியாகக் கேட்க உங்களுக்கு உரிமை வரும், அந்த ஒரு பக்கத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.