பிடி மாறாமல் திசை மாறும் பந்து

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கழகத்தின் கடினப்பந்து அணிக்கு என் மருமகன் வேகப்பந்து வீசுகிறான், வலக்கைக்காரன். புதுப் பந்தில் தையலை முதலாம் ஸ்லிப்பை நோக்கிப் பிடித்து வீசினால் பந்து வெளியே போகிறது. இருபத்தைந்து ஓவர் கடந்த பிறகு, பிடியையும் கையசைவையும் சற்றும் மாற்றாமலே வீசும்போது சில பந்துகள் உள்ளே வருகின்றன. பந்து இப்படி வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் ரிவேர்ஸ் ஸ்விங்குக்கு மணிக்கு 140 கிலோமீற்றர் வேகம் வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். இவன் 110ஐத் தாண்டமாட்டான். எங்கள் மூத்தவர்கள் கடற்காற்றின் ஈரம்தான் காரணம் என்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது?

வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

பறந்து செல்லும் பந்தின் மேற்பரப்பை ஒட்டி, ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த தடிப்புடைய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அந்தப் படலமே தீர்மானிக்கிறது. பந்தின் முன்முகத்தில் தொடங்கிப் பக்கங்களின் வழியே பின்னோக்கி ஓடும் இந்தப் படலம், ஓரிடத்துக்கு மேல் வளைவைத் தொடர முடியாமல் மேற்பரப்பை விட்டு விலகிவிடும். இரு பக்கங்களிலும் ஒரே இடத்தில் விலகினால் பந்து நேரே போகும். ஒரு பக்கத்தில் முந்தியும் மறுபக்கத்தில் பிந்தியும் விலகினால், பந்துக்குப் பின்னால் இழுபடும் காற்று ஒரு புறமாகச் சாய்ந்து வெளியேறும். வாவியில் தோணியின் பின்னாலுள்ள நீரைச் சுக்கான் ஒரு புறம் தள்ளும்போது தோணியின் பின்புறம் மறுபுறம் தள்ளப்படுவதைப் போல, பந்தும் எதிர்ப்புறம் தள்ளப்படும். ஆகவே படலம் எந்தப் பக்கத்தில் பிந்தி விலகுகிறதோ அந்தப் பக்கத்துக்கே பந்து நகரும். கீழே நான் சொல்பவை எல்லாம் இந்த ஒரே விதியின் வெவ்வேறு முகங்கள்தாம்.

புதுப் பந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் மருமகன் தையலை ஸ்லிப் பக்கம், அதாவது தனது இடப்புறம், ஏறத்தாழ 20 பாகை திருப்பிப் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஓடும் காற்று முன்முகத்தைத் தாண்டிய உடனேயே, மேற்பரப்பிலிருந்து எழும்பி நிற்கும் தையலில் இடறுகிறது. அதுவரை ஒழுங்கான அருவிக்கோட்டுப் பாய்ச்சலாக இருந்த படலம், அந்த இடறலில் கொந்தளிப்புப் பாய்ச்சலாக மாறுகிறது. கொந்தளிப்பான படலம் வெளியே வேகமாக ஓடும் காற்றை இடைவிடாமல் தனக்குள் கலந்துகொள்வதால் அதற்கு வலு அதிகம். எனவே அது பந்தின் முன்முனையிலிருந்து சுமார் 120 பாகை வரை ஒட்டிக்கொண்டு போகிறது. வலப்பக்கத்தில் தையல் பின்புறத்துக்குப் போய்விடுவதால், மழமழப்பான தோலின் மேல் அருவிக்கோட்டுப் பாய்ச்சலாகவே ஓடும் படலம், 80 அல்லது 85 பாகையிலேயே களைத்து விலகிவிடுகிறது. இடப்பக்கம் பிந்தி விலகுவதால் பந்து இடப்பக்கம், அதாவது வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு வெளியே, போகிறது.

இந்த இடத்தில் உயர்தர மாணவர்கள் பலர் பேர்ணூயியின் தத்துவத்தை அவசரமாக இழுத்துவந்து, சொரசொரப்பான பக்கத்தில் காற்று மெதுவாகப் போவதால் அங்கே அமுக்கம் கூடுகிறது என்று எழுதுவார்கள். அந்த விளக்கத்தின்படி பந்து மழமழப்பான பக்கம் போக வேண்டும். புதுப் பந்து அப்படிப் போவதில்லை. அமுக்க வேறுபாடு உண்மைதான், ஆனால் அதை உண்டாக்குவது படலம் விலகும் இடமே.

இந்தப் பக்கவிசை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பந்தின் திணிவு 156 முதல் 163 கிராம் வரை. நன்றாகத் திரும்பும் ஒரு பந்தில், அதன் நிறையின் கால் பங்களவு விசை பக்கவாட்டில் செயற்படுவதாகக் கொள்வோம். அப்படியானால் பக்கவாட்டு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் சுமார் 2.5 மீற்றர். 110 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்பட்ட முழுநீளப் பந்து துடுப்பாட்டக்காரரை அடைய ஏறத்தாழ 0.6 செக்கன் எடுக்கும். அந்த நேரத்தில் அது 45 சென்ரிமீற்றர் விலகியிருக்கும். ஆனால் நேரத்தின் முதற் பாதியில் விலகுவது வெறும் 11 சென்ரிமீற்றர். மிகுதி 34 சென்ரிமீற்றரும் பின்பாதியில் வருகிறது. பந்து கடைசி நேரத்தில்தான் திரும்பியது என்று துடுப்பாட்டக்காரர்கள் சத்தியம் செய்வதன் பெரும்பகுதி இதுதான்: விசை ஆரம்பம் முதலே ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க, விலகல் மட்டும் நேரத்தின் வர்க்கமாகக் கூடுகிறது.

இப்போது வேகத்துக்கு வருவோம். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரபீந்திர மேத்தா உள்ளிட்டோர் காற்றுச்சுரங்கங்களில் அளந்தபோது, தையலை 20 பாகை திருப்பிய புதுப் பந்தின் பக்கவிசை செக்கனுக்கு 30 மீற்றர் அளவில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றரில், உச்சத்தை அடைந்து, அதற்கு மேல் குறையத் தொடங்குவதைக் கண்டார்கள். வேகம் கூடக்கூட, இடறிவிட எதுவும் இல்லாத பக்கத்திலும் படலம் தானாகவே கொந்தளிக்கத் தொடங்குகிறது. இரு பக்கமும் கொந்தளித்தால் வேறுபாடு மறைந்துவிடும். உங்கள் மருமகன் புதுப் பந்தை வெளியே கொண்டுபோவதற்கு ஏறத்தாழ மிகச் சரியான வேகத்திலேயே வீசுகிறான் என்பது இதனால் விளங்கும். 2003 உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷுக்கு எதிராக ஆட்டத்தின் முதல் மூன்று பந்துகளிலும் விக்கெட் எடுத்த சமிந்த வாஸும் அசுர வேகத்தை நம்பி வாழ்ந்தவர் அல்லர்.

வேகம் 140ஐத் தாண்டும்போது புதுப் பந்திலேகூடத் தலைகீழ் நிலை உருவாகிறது. இரு பக்கப் படலங்களும் தையலை அடையுமுன்பே கொந்தளித்துவிடுகின்றன. அப்போது தையல் உதவி செய்வதில்லை; ஏற்கெனவே கொந்தளித்த படலத்தை ஒரு சரிவுப் பலகையைப் போல வெளியே தள்ளி, தடிப்பாக்கி, பலவீனப்படுத்துகிறது. எனவே தையல் இருக்கும் பக்கத்தில் படலம் முந்தி விலகுகிறது, பந்து எதிர்ப்பக்கம் போகிறது. தொலைக்காட்சியில் சொல்லப்படும் 140 என்ற எண் இங்கிருந்து வருவது. அது புதுப் பந்துக்கான எல்லை. தேய்ந்த பந்துக்கு அதுவல்ல எல்லை, உங்கள் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது.

சீமெந்துத் தளத்தில் விரித்த மேட்டிங் மீதும் மணற்பாங்கான வெளிக்களத்திலும் உருளும் பந்து 25 ஓவருக்குள் இரண்டு விதமாக மாறிவிடுகிறது. தையல் நசுங்கித் தணிகிறது. எனவே இடறவைக்கும் அதன் வலிமை குறைகிறது. தோல் கீறுபடுகிறது, அணியினர் ஒரு பக்கத்தை மட்டும் வியர்வையால் துடைத்துப் பேணுவதால், மற்றப் பக்கம் மணற்கடதாசியைப் போலாகிவிடுகிறது. அந்தச் சொரசொரப்பு, படலத்தைக் கொந்தளிக்கவைக்கத் தையலுக்கு நிகரான இன்னொரு கருவி. ஆகவே கொந்தளிப்புக்குத் தேவையான வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

உங்கள் மருமகன் அதே பிடியில், ஆனால் சொரசொரப்பான பக்கம் வலப்புறம் இருக்கும்படி வீசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் இடப்புறம் சாய்ந்திருப்பதால், துடுப்பாட்டக்காரரை நோக்கி முன்னே நிற்பது அந்த வலப்பக்கம்தான். அங்கே படலம் சொரசொரப்பினால் 110 வேகத்திலேயே கொந்தளித்து, பின்னே வெகுதூரம் ஒட்டிக்கொண்டு போகிறது. இடப்பக்கத்தில் நசுங்கிய தையல் படலத்தைச் சரிவர இடறவைக்கத் தவறுகிறது, அல்லது அதைத் தடிப்பாக்கிச் சீக்கிரம் விலகவைக்கிறது. எப்படியாயினும் வலப்பக்கமே வெல்கிறது, பந்து உள்ளே வருகிறது. அடுத்த பந்தில் அவனையறியாமலே பளபளப்பான பக்கம் வலப்புறம் வந்துவிட்டால், மீண்டும் புதுப் பந்தின் கதைதான். தையலில் ஓரளவு உயரம் எஞ்சியிருந்தால் பந்து வெளியே போகும். "சில பந்துகள்" என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பந்தைக் கையில் எடுக்கும்போது எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதை அவன் பார்ப்பதில்லை என்றே ஊகிக்கிறேன்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ரிவேர்ஸ் ஸ்விங்கில் பந்து பளபளப்பான பக்கத்துக்கே போகும் என்று வர்ணனையாளர்கள் சொல்வது, தையலை நேராக நிறுத்தி மிகுந்த வேகத்தில் வீசுபவர்களுக்குப் பொருந்தும். அந்த வேகத்தில் இரு பக்கமும் கொந்தளித்துவிட, சொரசொரப்பான பக்கத்தின் தடித்த படலம் முந்தி விலகுகிறது. நடுத்தர வேகத்தில் தையலை நேராக நிறுத்தி வீசினால், பந்து சொரசொரப்பான பக்கத்துக்கே போகும். கழக மட்டத்து வீச்சாளர் தொலைக்காட்சி அறிவுரையை அப்படியே பின்பற்றினால், எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பலனையே காண்பார்.

ஈரத்தைப் பற்றி மூத்தவர்களோடு நான் உடன்படவில்லை. ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று இலேசானது. அதனால் பக்கவிசை மிகச் சிறிதளவு குறையத்தான் வேண்டும். ஆனால் கடற்காற்றைக் குறித்த அவர்களுடைய அனுபவம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பிற்பகலில் கடலிலிருந்து மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் ஆடுகளத்துக்குக் குறுக்கே காற்று வீசினால், அது செக்கனுக்கு 5 மீற்றர். செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் பறக்கும் பந்துக்கு, எதிர்வரும் காற்று ஏறத்தாழ 9 பாகை சாய்ந்து வருவதாகத் தோன்றும். வீச்சாளரின் வலப்புறத்திலிருந்து அது வீசினால், 20 பாகை திருப்பிய தையல் காற்றுக்கு 29 பாகையாக அமையும்; இடப்புறத்திலிருந்து வீசினால் 11 பாகையே மிஞ்சும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வருவதால் இந்தக் கணக்கு அப்படியே புரண்டுவிடும். ஒரே நாளில் ஒரு முனையிலிருந்து வீசும்போது திரும்பும் பந்து மறுமுனையிலிருந்து நேரே போவதற்கு இது பெரும்பாலும் போதிய காரணம்.

அவனுடைய பந்தில் உண்மையில் எது நடக்கிறது என்பதை அறிய, செக்கனுக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசிக் கெமராவை அவனுக்கு நேர் பின்னால் வைத்துப் பதிவு செய்யுங்கள். விரல்கள் தையலுக்கு நேர் பின்னே கீழ்நோக்கி உருண்டிருந்தால், பந்து தையலின் வழியே பின்சுழன்று, தையல் ஒரே கோணத்தில் உறுதியாகத் தெரியும். விரல் ஒரு புறம் வழுக்கியிருந்தால் தையல் தள்ளாடும். அப்போது இடறல் இரு பக்கமும் மாறிமாறி நிகழ்வதால், மேலே சொன்ன எதுவும் நம்பகமாக வேலை செய்யாது. தையல் தள்ளாடாத பந்துகளை மட்டும் தெரிந்தெடுத்து, பழைய பந்தின் சொரசொரப்பான பக்கத்தை ஓர் ஓவர் வலப்புறமும் அடுத்த ஓவர் இடப்புறமும் வைத்து, அதே முனையிலிருந்து வீசச் சொல்லுங்கள். பக்கத்தை மாற்றியதும் திசையும் மாறினால் காரணம் தோலின் தேய்வு. பக்கத்தை மாற்றியும் திசை மாறாவிட்டால் காற்றையோ அவனுடைய மணிக்கட்டையோ சந்தேகிக்கலாம்.