மூலைக்கல் மேல் வைத்த போன் ஏன் ஆறு மீட்டர் தள்ளிக் காட்டுகிறது?

கேள்வி: சார், எங்கள் தோட்டத்து மூலைக்கல் மேல் போனை வைத்து ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் அதே கல் மேல் வைத்தால் ஆறு மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. மூன்று செயற்கைக்கோள் இருந்தாலே இடம் தெரிந்துவிடும் என்று படித்திருக்கிறேன், என் போனில் 14 தெரிகிறது. அப்புறம் ஏன் தப்பு வருகிறது? இதை நம்பி வேலி போடலாமா?

பதில்: வேலி போட வேண்டாம். உங்கள் போனில் பழுது எதுவும் இல்லை. திறந்த வெளியில் ஒரு சாதாரணப் போன் ஏறக்குறைய ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொன்னாலே அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆறு மீட்டர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க, நீங்கள் படித்த அந்த 'மூன்று போதும்' கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான்.

மூன்று செயற்கைக்கோள்களுக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் சரியாகத் தெரிந்தால் மூன்று போதும். ஆனால் போனுக்குத் தூரம் தெரியாது, நேரம்தான் தெரியும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தையும், சிக்னல் எந்த நொடியில் கிளம்பியது என்பதையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. போன் அது வந்து சேர்ந்த நேரத்தைத் தன் கடிகாரத்தில் பார்த்து, கிளம்பிய நேரத்தைக் கழித்து, ஒளியின் வேகத்தால் பெருக்குகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் பறப்பது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், அதனால் நேர் மேலே இருக்கும் ஒன்றிலிருந்து சிக்னல் வர 67 மில்லிசெகண்ட் ஆகும். செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம், போனில் இருப்பதோ சின்னக் குவார்ட்ஸ் துண்டு. அந்தக் குவார்ட்ஸ் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடினால் ஒரே செகண்டில் ஒரு மைக்ரோசெகண்ட் பிசகிவிடும், ஒரு மைக்ரோசெகண்டில் ஒளி 300 மீட்டர் போய்விடும். அதாவது போன் கடிகாரத்தை அப்படியே நம்பினால் உங்கள் தோட்டம் பக்கத்து ஊருக்கே போய்விடும்.

அப்படியிருந்தும் எப்படி ஐந்து மீட்டருக்குள் வருகிறது? இதற்குப் பஞ்சாலைச் சங்கை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

ஒரு நேர் ரோடு, நீளம் 3,400 மீட்டர். மேற்கு முனையில் ஒரு மில், கிழக்கு முனையில் ஒரு மில், இரண்டிலும் சரியாக 8 மணிக்குச் சங்கு ஊதுகிறார்கள். நீங்கள் நடுவில் எங்கோ நிற்கிறீர்கள், உங்கள் கைக்கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று உங்களுக்கே தெரியாது. மேற்குச் சங்கு உங்கள் கடிகாரப்படி 8 மணி 7 செகண்டுக்குக் கேட்கிறது, கிழக்குச் சங்கு 9 செகண்டுக்கு. சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் போகும் என்று வைத்தால், மேற்கு மில் 2,380 மீட்டர் தூரத்திலும் கிழக்கு மில் 3,060 மீட்டர் தூரத்திலும் இருக்க வேண்டும். கூட்டினால் 5,440. ரோடோ 3,400 மீட்டர்தான். மிச்சம் 2,040 மீட்டர் எங்கிருந்து வந்தது? கடிகாரம் முன்னால் ஓடுவதால் வந்தது. ஒரே கடிகாரம் என்பதால் இரண்டு தூரத்திலும் ஒரே அளவு கூடியிருக்கும், ஆளுக்கு 1,020 மீட்டர், அதாவது 3 செகண்ட். அதைக் கழித்துவிட்டால் மேற்கு மில் 1,360 மீட்டர், கிழக்கு மில் 2,040 மீட்டர், கூட்டினால் மிகச் சரியாக 3,400. நிற்கும் இடமும் தெரிந்துவிட்டது, கூடவே கடிகாரம் 3 செகண்ட் வேகம் என்பதும் தெரிந்துவிட்டது.

ரோட்டில் கண்டுபிடிக்க வேண்டியது ஒரே திசை, அதோடு கடிகாரப் பிழை, ஆக இரண்டு சங்கு தேவைப்பட்டது. நிலத்தில் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு, உயரம் என்று மூன்று, அதோடு கடிகாரம், ஆக நான்கு செயற்கைக்கோள். போன் தீர்க்கும் சமன்பாடு, செயற்கைக்கோளுக்கு ஒன்றாக, இதுதான்:

```
P = √((X−x)² + (Y−y)² + (Z−z)²) + b
```

X, Y, Z செயற்கைக்கோள் இருக்கும் இடம், x, y, z உங்கள் இடம், b என்பது கடிகாரப் பிழையை மீட்டராக மாற்றியது, P என்பது போன் அளந்த அந்தப் பிழையுள்ள 'தூரம்'. நான்கு சமன்பாட்டிலும் b ஒன்றேதான் என்பதில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. போன் முதலில் உத்தேசமாக ஓர் இடத்தை வைத்துக்கொண்டு, அளந்ததற்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திருத்தி, மறுபடி திருத்தி, சில சுற்றிலேயே விடைக்கு வந்துவிடும். குவார்ட்ஸ் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு செகண்டும் இதைப் புதிதாகச் செய்கிறது.

நான்குக்கு மேல் கிடைப்பதெல்லாம் சரிபார்க்கவும் சராசரி பார்க்கவும் உதவும். ஆனால் திரையில் தெரியும் 14ஐ அப்படியே எண்ணாதீர்கள். அதில் சில கணக்கில் சேராத பலவீனமான சிக்னல்கள். அதோடு போன் ஜிபிஎஸ் மட்டுமல்ல, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, சில போன்களில் நம் நாவிக் என்று கலந்து எடுக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரக் கணக்கு இருப்பதால் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டவே சிலது செலவாகிவிடலாம்.

சரி, உங்கள் ஆறு மீட்டருக்கு வருவோம். அது 20 நானோசெகண்ட். கடிகாரப் பிழை எல்லாச் சிக்னலிலும் ஒரே அளவு என்பதால் அதைக் கண்டுபிடித்துக் கழிக்க முடிந்தது. ஒரு சிக்னலில் மட்டும் வரும் தாமதத்தை அப்படிக் கழிக்க முடியாது. அதே ரோட்டில் எதிர்க்காற்றால் கிழக்குச் சங்கு அரை செகண்ட் பிந்தி, 9.5 செகண்டுக்குக் கேட்டது என்று வைத்துக்கொண்டு கணக்கைத் திரும்பப் போடுங்கள். கடிகாரம் 3.25 செகண்ட் வேகம், மேற்கு மில் 1,275 மீட்டர் என்று வரும். ரோட்டின் நீளமும் கச்சிதமாகப் பொருந்தும், எங்கேயும் தப்பு தெரியாது, ஆனால் நீங்கள் 85 மீட்டர் மேற்கே நகர்ந்துவிட்டீர்கள். பிழையில் பாதி கடிகாரத்தில் போய் ஒளிந்துகொண்டது, பாதி இடத்தில்.

வானத்தில் இந்த எதிர்க்காற்று வேலையைச் செய்வது அயனி மண்டலம். வெயிலால் மின்னேற்றம் பெற்ற அந்த அடுக்கைக் கடக்கும்போது சிக்னல் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரை பிந்தும், மத்தியானம் இரண்டு மணி வாக்கில் அதிகம், தாழ்வாக இருக்கும் செயற்கைக்கோளுக்கு இன்னும் அதிகம். செயற்கைக்கோளே அனுப்பும் ஒரு பொதுத் திருத்தம் இதில் ஏறக்குறைய பாதியைத்தான் எடுக்கும். இந்தியாவின் தென்முனையில் இருக்கும் நமக்கு இது கூடுதல் தொந்தரவு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போகிறது (திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் வந்ததே இந்த அடுக்கை ஆராய வசதியான இடம் என்பதால்தான்), அதனால் இந்த அடுக்கு இங்கே கனமாகவும், சூரியன் மறைந்த பிறகு சில நாட்களில் குமிழ் குமிழாகவும் ஆகி, சிக்னலையே தடுமாற வைக்கும். தாமதம் அலைவரிசையைப் பொறுத்து மாறும் என்பதால் L1, L5 என்ற இரண்டு அலைவரிசையையும் வாங்கும் போன் இதைத் தானே கணக்கிட்டு நீக்க முடியும். L1 மட்டும் வாங்கும் போனால் முடியாது.

இன்னொன்று எதிரொலி. மூலைக்கல் பக்கத்தில் மோட்டார் ரூம் சுவரோ தகரக் கூரையோ இருந்தால் சிக்னல் அதில் பட்டு, சுற்றி வந்து போனுக்குள் போகும், அந்தச் செயற்கைக்கோள் தூரமாகத் தெரியும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தி அதே இடங்களுக்குத் திரும்பி வருகின்றன. காலை 9 மணிக்கு எடுத்ததை மறுநாளும் 9 மணிக்கே எடுத்தால் அதே சுவரில் அதே எதிரொலி விழுந்து, அதே பிழை வந்து, 'ஆகா, துல்லியம்' என்று ஏமாற வாய்ப்புண்டு. நீங்கள் சாயங்காலம் போனது நல்லது, அதனால்தான் வித்தியாசம் வெளியே தெரிந்தது.

திரும்பவும் அந்த ரோட்டுக்கு வாருங்கள். இரண்டு மில்லும் உங்களுக்கு மேற்கிலேயே இருந்திருந்தால்? நீங்கள் எங்கே நின்றாலும் இரண்டு சங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறாது. அப்போது கடிகாரம் தப்பா, தூரம் தப்பா என்று பிரிக்கவே வழியில்லை. செயற்கைக்கோள்கள் வானத்தில் ஒரே மூலையில் குவிந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான், சின்னத் தாமதம்கூடப் பெரிய இடப்பிழையாகப் பெருகும். தென்னந்தோப்பு ஓரத்தில் பாதி வானம் மறைந்தால் இதுதான் நடக்கும். உயரம் எப்போதும் கிடைமட்டத்தைவிட மோசமாக வருவதற்கும் காரணம் இதுவே: எல்லாச் செயற்கைக்கோளும் மேலேதான், காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. (நம் கடற்கரைப் பக்கத்தில் போன் உயரத்தை மைனஸ் 80, 90 மீட்டர் என்று காட்டினால் அது இந்தப் பிழை இல்லை. அது கடல்மட்டத்திலிருந்து அளக்காமல் பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம், தென்னிந்தியாவில் கடல்மட்டமே அந்த வடிவத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது.)

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டில் GPSTest என்ற செயலியைப் போட்டு, கல் மேல் வைத்துப் பாருங்கள். C/N0 என்ற பத்தியில் 40ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பவை நல்ல சிக்னல்கள், 25க்குக் கீழே இருப்பவற்றால் பெரிய பயனில்லை. H/V DOP என்பதில் முதல் எண் ஒன்றை ஒட்டி இருந்தால் செயற்கைக்கோள்கள் நன்றாகப் பரவியிருக்கின்றன, மூன்று நான்கு என்று போனால் அந்த நேரத்து அளவை எழுதிக்கொள்ளாதீர்கள். காலை, மத்தியானம், ராத்திரி என்று வெவ்வேறு நேரத்தில் பத்துப் பத்து நிமிடம் வைத்துச் சராசரி எடுத்தால் ஓரளவு இறங்கும். ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் வைத்திருப்பது அவ்வளவு உதவாது, அயனி மண்டலமும் எதிரொலியும் மெதுவாகத்தான் மாறும், அதுவரை சராசரியும் ஒரே பக்கமாகச் சாய்ந்தே இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழே நம்பாதீர்கள். கல் தொலைந்துபோனால் எந்தப் பக்கம் தேடுவது என்பதற்கு அது போதும், வேலிக்குப் போதாது. சர்வேயர் கொண்டுவரும் டிஜிபிஎஸ் கருவி சென்டிமீட்டரில் சொல்வதற்குக் காரணம், இடம் துல்லியமாகத் தெரிந்த இன்னொரு நிலையமும் அதே நேரத்தில் அதே செயற்கைக்கோள்களைக் கேட்கிறது, அங்கே தெரியும் தாமதம் உங்கள் தோட்டத்துக்கும் ஏறக்குறைய அதேதான் என்பதால் கழித்துவிடலாம், மிச்சத்தைச் சிக்னலின் அலையையே எண்ணி அளக்கிறது. அந்த அளவைப் புலப்படத்தில் இருக்கும் அளவுகளோடு ஒப்பிட்டு, பக்கத்துத் தோட்டக்காரரையும் வைத்துக்கொண்டு கல்லை உறுதிசெய்த பிறகு வேலிக்குக் குழி தோண்டுங்கள்.