பாடத்தை ஒப்பிக்கிறாள், புதுச் சொல்லைப் படிக்கத் திணறுகிறாள்

கேள்வி: "என் மகள் மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறாள். ஆனால் கடைப் பலகையையோ வேறு புத்தகத்தையோ படிக்கச் சொன்னால் எழுத்து எழுத்தாகக் கூட்டி, பாதியில் விட்டுவிடுகிறாள். நான் வேலைக்குப் போவதால் கவனிக்காமல் விட்டுவிட்டேனா? டியூஷன் சேர்க்க வேண்டுமா?"

பதில்: நீங்கள் வேலைக்குப் போவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நாள் முழுக்க அம்மா வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் இதே தடுமாற்றத்தைப் பார்க்கிறேன். பாடத்தை வகுப்பில் பல முறை சேர்ந்து சொல்வதால் காது வழியாகவே அது மனப்பாடமாகிவிடுகிறது. கண் எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை. டியூஷனைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அவள் எந்த இடத்தில் தடுக்குகிறாள் என்று பார்த்துவிடுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

பாடப்புத்தகத்தில் இல்லாத சொற்களை ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். முதல் வரியில் மரம், நகம், கடல். இரண்டாவது வரியில் பட்டம், கப்பல், சக்கரம். மூன்றாவதில் பாடம், கிளி, வீடு, நூல். நான்காவதில் தேன், பை, கொடி, தோணி. அவள் படிக்கும்போது திருத்த வேண்டாம். வாயில் என்ன வந்ததோ அதை அப்படியே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தவறு எந்த வரியில் தொடங்குகிறதோ அங்கிருந்துதான் வேலை. மற்றதையெல்லாம் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் அவளுக்கும் சலிப்பு, உங்களுக்கும் சலிப்பு.

இரண்டாவது வரியில் திணறினால் காரணம் பெரும்பாலும் புள்ளி எழுத்துதான். மெய்யெழுத்தை நாம் "இக், இங், இச்" என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளையும் பட்டம் என்பதை "ப, இட், ட, இம்" என்று படித்துவிட்டு, அது என்ன சொல் என்று தெரியாமல் முழிக்கும். நான்கு எழுத்தும் சரி, சொல் மட்டும் கிடைக்காது. இதற்குப் புள்ளி எழுத்தைத் தனியாகச் சொல்லவே விடக்கூடாது. முன்னெழுத்தோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல வைக்க வேண்டும்: பட்-டம், கப்-பல், சக்-க-ரம். பென்சிலால் "பட்" என்பதற்குக் கீழே ஒரு வளைவு, "டம்" என்பதற்குக் கீழே ஒரு வளைவு போட்டுக் காட்டுங்கள். சில நாளில் வளைவை அவளே போடுவாள், அப்புறம் அது தேவைப்படாது.

நான்காவது வரியில் திணறுவதுதான் மூன்றாம் வகுப்பில் நான் அதிகம் பார்ப்பது. என்னிடம் வந்த ஒரு பையன் மூன்று வரிகளையும் சுலபமாகப் படித்தான். தேன், பை இரண்டும் சரி. கொடி வந்ததும் "கெடி" என்றான், தோணியைத் "தேணி" என்றான். அவன் கொம்பைப் பார்க்கிறான், எழுத்தைப் பார்க்கிறான், பின்னால் நிற்கும் துணைக்காலைப் பார்ப்பதற்குள் வாய் முந்திக்கொள்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். "கொ எது?" என்று கேட்டால் உள்ளுக்குள் க, கா, கி, கீ என்று வரிசையைத் தொடங்கி ஓடித்தான் அங்கே போய்ச் சேர்ந்தான். வரிசை மனப்பாடத்துக்கு நல்லதுதான். ஆனால் படிக்கும்போது அவ்வளவு தூரம் ஓட நேரம் இருக்காது.

அதனால் வரிசையைக் குறுக்கே வெட்டினோம். சிலேட்டில் ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் எழுதி, நடுவில் ஒரு எழுத்துக்கு இடம் விட்டேன். அந்த இடத்தில் க எழுதினால் கொ. அழித்துவிட்டுச் ச எழுதினால் சொ. பிறகு ப, ம, த. குறி ஒன்றுதான், எழுத்து மட்டும் மாறுகிறது. உடனே சொற்களுக்குப் போனோம்: கொடு, சொல், பொடி, மொட்டு, தொடு. அது படிந்த பிறகு இரட்டைக் கொம்பு: கோடு, சோறு, போடு, மோர், தோடு. கடைசியில் ஜோடிகள்: செல்–சொல், கெடு–கொடு, மெட்டு–மொட்டு. இந்த ஜோடிகளில் வித்தியாசம் துணைக்கால் ஒன்றுதான். அதைப் பார்க்காமல் படித்தால் பொருளே மாறிவிடுகிறது என்பதால் கண் தானாக அங்கே போக ஆரம்பித்தது. ஒரு நாளில் ஒரு குறிக்கு மேல் எடுக்காதீர்கள். ல, ள, ழ உச்சரிப்பையும் இந்தக் கட்டத்தில் திருத்த வேண்டாம். அது வேறு வேலை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதோடு தினமும் கொஞ்சம் வாசிப்பு வேண்டும். நான்கைந்து வரியுள்ள ஒரு சிறு கதைப் பகுதியை எடுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் அவள் தடுக்கினால் அது அவளுக்குக் கடினம், வேறு எடுங்கள். முதலில் விரலை ஓட்டிக்கொண்டு நீங்கள் படியுங்கள், அடுத்து இருவரும் சேர்ந்து, பிறகு அவள் தனியாக. அதே பகுதியை இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் மனப்பாடமாகிவிடுமோ என்று தோன்றினால், கடைசி வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். முதலிலிருந்து சொல்லிப் பார்த்துத்தான் பதில் வருகிறது என்றால் அவள் இன்னும் எழுத்தைப் பார்க்கவில்லை.

புத்தகத்தில் "போகிறான்" என்றிருப்பதை அவள் "போறான்" என்று படித்தால் பதற வேண்டாம். அது தவறான வாசிப்பு அல்ல. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, வீட்டில் பேசும் மொழியில் சொல்லியிருக்கிறாள். "ஆமாம், புத்தகத்தில் போகிறான் என்று போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

மொத்தமும் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே போதும். நீங்கள் களைத்துப்போய் வரும் நாளில் பாட்டியோ அண்ணனோ உட்காரலாம். ஒரு குறி படிய ஒரு வாரம் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அடுத்த தேர்வுக்குள் மதிப்பெண் ஏறிவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் தெரியும் மாற்றம் வேறு மாதிரி இருக்கும்: பேருந்தில் போகும்போது பலகையைப் பார்த்துக் கேட்காமலேயே ஏதோ ஒரு சொல்லை வாசிப்பாள்.

டியூஷன் என்றால், அங்கே என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். பள்ளி வீட்டுப்பாடத்தை முடித்து, கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைக்கும் இடம் என்றால் இந்தச் சிக்கலுக்கு அது உதவாது. அதைவிட வகுப்பாசிரியரிடம் நீங்கள் குறித்து வைத்த தாளைக் காட்டுங்கள். அரசுப் பள்ளி என்றால் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். உங்கள் மகள் எந்த நிலையில் இருக்கிறாள், அங்கே இப்போது எந்த எழுத்துகள் நடக்கின்றன என்று கேட்டு, வீட்டிலும் அதையே எடுங்கள்.

கண், காது பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் இப்போதே செய்துவிடுங்கள். மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் பழகியும் நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று மறந்துபோவது தொடர்ந்தால், அல்லது பேச்சே தாமதமாக வந்த பிள்ளை என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையோடு இயங்கும் டி.இ.ஐ.சி. என்ற தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் இதைப் பற்றிக் கேட்கலாம். போகும்போது அந்தத் தாளையும் தமிழ் நோட்டையும் எடுத்துப் போங்கள். "சரியாகப் படிக்க மாட்டேன் என்கிறாள்" என்று சொல்வதைவிட, "கொடியைக் கெடி என்று படிக்கிறாள், நான்கு மாதமாக மாறவில்லை" என்று சொன்னால் பார்க்கிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும்.